தடுப்பூசி வரிசையில் யார் முதலில், ஏன்? கொரோனா கால அனுபவத்திலிருந்து கேள்வி பதில்

கொரோனா தடுப்பூசி வந்தபோது ஒவ்வொரு நாடும் ஒரு வரிசை போட்டது. அந்த வரிசைகள் எதை வைத்துப் போடப்பட்டன, எங்கே சரியாக வந்தன, எங்கே தவறின என்று இன்றும் பலர் கேட்கிறார்கள். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

கடைசியில் எல்லாருக்கும் ஊசி போடத்தானே போறாங்க? அப்புறம் எதுக்கு வரிசை?

தொடக்கத்தில் கையில் இருந்த ஊசியின் அளவைப் பார்த்தாலே புரியும். இந்தியா 2021 ஜனவரி 16 அன்று தடுப்பூசி போடத் தொடங்கியது. அப்போது அரசு வாங்கியிருந்தது 1.1 கோடி டோஸ் கோவிஷீல்டு, 55 லட்சம் டோஸ் கோவேக்சின், ஆக 1.65 கோடி. ஆளுக்கு இரண்டு டோஸ் என்றால் ஏறத்தாழ 82 லட்சம் பேருக்குத்தான் வரும். மருத்துவப் பணியாளர்கள் மட்டுமே 1 கோடி பேர் என்பது அரசின் மதிப்பீடு. முதல் வரிசையில் நிற்பவர்களுக்கே முழுதாகப் போதாத சரக்கு அது.

பிறகு வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. அந்த மாதங்களில் தொற்று யாருக்காகவும் காத்திருக்கவில்லை. மார்ச்சில் ஒருவருக்குப் போட்ட ஊசி ஏப்ரல், மே அலையில் அவரைக் காப்பாற்றியது. அதே ஊசி ஜூலையில் கிடைத்திருந்தால் அந்த அலைக்கு அது உதவியிருக்காது. எல்லாருக்கும் எப்படியும் கிடைக்கும் என்பது உண்மைதான், ஆனால் எந்த மாதம் கிடைக்கிறது என்பதில்தான் உயிர் இருந்தது.

சரி, வரிசை போட உட்கார்ந்தால் முதலில் எதை முடிவு செய்யணும்?

எதைத் தடுக்கப் போகிறோம் என்பதை. மூன்று பதில்கள் சாத்தியம். சாவைக் குறைப்பது ஒன்று. மருத்துவமனை முடங்கிப்போகாமல் பார்த்துக்கொள்வது இன்னொன்று. பரவலை வெட்டுவது மூன்றாவது. மூன்றும் நல்ல நோக்கங்கள்தான், ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு ஆட்களை வரிசையின் முன்னால் நிறுத்தும். சாவைக் குறைக்க வேண்டுமென்றால் முதியவர்கள். மருத்துவமனை ஓட வேண்டுமென்றால் அங்கே வேலை செய்பவர்கள். பரவலை வெட்ட வேண்டுமென்றால் ஊர் சுற்றி நிறையப் பேரைச் சந்திப்பவர்கள்.

பல இடங்களில் இந்த முடிவை எடுக்காமலேயே பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது என்ன ஆகும்? எந்தச் சங்கம் வந்து கேட்டாலும் அவர்கள் சொல்லும் காரணம் நியாயமாகத்தான் படும், பட்டியல் நீண்டுகொண்டே போகும். "முதலில் சாவைக் குறைக்கிறோம்" என்று எழுதிவைத்துவிட்டால், யார் வந்து கேட்டாலும் ஒரே ஒரு அளவுகோலால் அளந்து பார்க்கலாம். பிரிட்டனின் தடுப்பூசி ஆலோசனைக் குழு 2020 டிசம்பரில் செய்தது இதைத்தான். சாவைத் தடுப்பதும், மருத்துவ, பராமரிப்புப் பணியாளர்களைக் காப்பதும்தான் முதல் கட்டத்தின் நோக்கம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, அதிலிருந்து ஒன்பது குழுக்களை இறக்கினார்கள்.

வயசுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? ஆரோக்கியமா இருக்கிற பெரியவங்க எத்தனையோ பேர் இருக்காங்களே?

இருக்கிறார்கள். ஆனால் கொரோனாவில் வயதோடு ஆபத்து ஏறிய வேகம் மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளியது. 2020இல் வசதியான நாடுகளின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வில், தொற்றியவர்களில் இறப்பவர்கள் 25 வயதில் சுமார் 0.01 சதவீதம், 55 வயதில் 0.4, 65இல் 1.4, 75இல் 4.6, 85இல் 15 சதவீதம் என்று வந்தது. அதாவது ஏறத்தாழ ஆறு வயது கூடும்போதெல்லாம் ஆபத்து இரண்டு மடங்காகிறது.

இதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வட்டாரத்தில் 1,000 பேருக்குப் போட ஊசி இருக்கிறது. அடுத்த மூன்று மாதத்தில் பத்தில் ஒருவருக்குத் தொற்று வரும், ஊசி சாவை 80 சதவீதம் தடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். இந்த இரண்டும் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள், இறப்பு விகிதம் மட்டும் மேலே சொன்னது.

ஆயிரம் ஊசியையும் 75 வயதுக்காரர்களுக்குப் போட்டால்: 100 பேருக்குத் தொற்று வந்திருக்கும், அதில் 4.6 பேர் இறந்திருப்பார்கள், ஊசியால் 3.7 உயிர் மிஞ்சும். வேறு விதமாகச் சொன்னால் சுமார் 270 பேருக்குப் போட்டால் ஓர் உயிர். 65 வயதுக்காரர்களுக்கு என்றால் சுமார் 900 பேருக்கு ஓர் உயிர். 55 வயதில் 3,100 பேருக்கு ஒன்று. 25 வயதில்? 1,25,000 பேருக்குப் போட்டால்தான் ஓர் உயிர்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். 25 வயதுப் பையன் டெலிவரி வேலைக்குப் போகிறான், அவனுக்குத் தொற்று வர வாய்ப்பு அதிகம் இல்லையா? சரி, மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்வோம். 1,25,000 என்பது சுமார் 42,000 ஆகும். 65 வயதுக்காரரின் 900க்குப் பக்கத்தில்கூட வரவில்லை. வெளியே சுற்றுவதால் ஆபத்து சில மடங்குதான் கூடுகிறது, வயதால் நூறு மடங்குக்கு மேல் கூடுகிறது. அதனால்தான் கணக்கில் எந்த ஊகத்தை மாற்றினாலும் வரிசையின் மேல்பக்கம் அசையாமல் நிற்கிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த விகிதங்கள் பணக்கார நாடுகளுடையவை. நம்முடைய நாடு போன்ற இடங்களில் நடுத்தர வயதுக்காரர்களும் கணிசமாக இறந்தார்கள். 2020 அக்டோபரில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட கணக்கில், இறந்தவர்களில் 53 சதவீதம் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள், 35 சதவீதம் பேர் 45க்கும் 60க்கும் இடைப்பட்டவர்கள். இரண்டையும் கூட்டினால் 88 சதவீதம். மக்கள்தொகையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இருப்பவர்களிடம் இவ்வளவு சாவு குவிந்திருந்தது. இந்தியா 45 வயதில் கோடு போட்டதை இந்த எண்களை வைத்துப் பார்த்தால் அது சரியான இடம்தான் என்று தோன்றுகிறது. பிரிட்டன் முதல் கட்டத்தை 50இல் நிறுத்தியது, அவர்கள் கணக்கில் அந்த ஒன்பது குழுக்களுக்குப் போட்டாலே தடுக்கக்கூடிய சாவில் 99 சதவீதம் வரை அடங்கிவிடும்.

இளைஞர்கள்தானே வெளியே போய் வீட்டுக்குக் கொண்டுவராங்க? அவங்களுக்குப் போட்டா பெரியவங்க தானா காப்பாத்தப்படுவாங்க இல்லையா?

இது வேலை செய்ய இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஊசி நோயை மட்டுமல்லாமல் பரவலையும் நன்றாகத் தடுக்க வேண்டும். அப்புறம், பரப்பும் கூட்டத்தில் பெரும்பகுதிக்குச் சீக்கிரம் போட்டு முடிக்கும் அளவுக்குச் சரக்கு வேண்டும்.

இரண்டும் இருந்தால் இந்த வழி நன்றாகவே பலிக்கும். ஜப்பானில் 1962 முதல் 1994 வரை பள்ளிக் குழந்தைகளுக்குப் பெருமளவில் ஃப்ளூ ஊசி போட்டார்கள். குழந்தைகளுக்குப் போட்டதில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் முதியவர்களின் சாவு குறைந்திருந்தது பின்னால் ஆராய்ந்தபோது தெரிந்தது. திட்டத்தை நிறுத்தியதும் அந்தச் சாவு திரும்ப ஏறியது.

கொரோனாவில் 2020 டிசம்பரில் இந்த இரண்டு நிபந்தனையும் இல்லை. பரிசோதனைகள் நோயைத் தடுக்கிறதா என்றுதான் பார்த்திருந்தன, பரவலைப் பற்றித் தெளிவான விடை கையில் இல்லை. சரக்கும் மக்கள்தொகையில் ஒரு சில சதவீதத்துக்குத்தான். நூறு இளைஞர்களில் ஐந்து பேருக்குப் போட்டால் சங்கிலி அறாது, மீதி 95 பேர் வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் நூறு முதியவர்களில் ஐந்து பேருக்குப் போட்டால் அந்த ஐந்து பேரும் நேரடியாகப் பலன் பெறுகிறார்கள். சரக்கு குறைவாக இருக்கும்போது நேரடிப் பாதுகாப்புதான் கைகொடுக்கும் என்பதற்குக் காரணம் இதுதான். பின்னால் டெல்டா வந்தபோது ஊசி சாவைத் தடுப்பதில் உறுதியாக நின்றது, பரவலைத் தடுப்பதில் தளர்ந்தது. பரவலை நம்பி வரிசை போட்டவர்களுக்கு அது பெரிய அடி.

இந்தோனேசியா 18 முதல் 59 வயதுக்காரர்களுக்கு முதலில் போட்டதே என்று கேட்பார்கள். அங்கே 2021 ஜனவரியில் கையில் இருந்தது சினோவாக். அதை அவர்கள் பாண்டுங்கில் பரிசோதித்தது அந்த வயதினரிடம்தான். முதியவர்களுக்குப் பாதுகாப்பானதா என்ற தரவு போதாததால் தொடக்கத்தில் அவர்களுக்கு அனுமதி இல்லை. பிப்ரவரியில் அனுமதி கிடைத்தது. உழைக்கும் வயதினர் பொருளாதாரத்துக்கு முக்கியம் என்ற வாதமும் சேர்ந்திருந்தது, ஆனால் தொடக்கத்தில் கையைக் கட்டியது தரவு.

அப்படின்னா மருத்துவப் பணியாளர்கள் ஏன் பெரியவங்களுக்கு முன்னாடி? முப்பது வயசு நர்ஸுக்கு எழுபது வயசு பாட்டியைவிடவா ஆபத்து?

சாவுக் கணக்கில் இல்லை. மேலே போட்ட கணக்கில் முப்பது வயது நர்ஸ் மிகவும் பின்னால்தான் வருவார். அவர் முன்னால் வருவதற்குக் காரணம் வேறு. ஒரு மாவட்ட மருத்துவமனையில் ஆக்சிஜன் வார்டைப் பார்க்கும் செவிலியர்களில் ஐந்து பேர் ஒரே வாரத்தில் தனிமைப்படுத்தப்பட்டால், அந்த வார்டில் இருக்கும் நோயாளிகள் கவனிப்பில்லாமல் இறப்பார்கள். கொரோனா நோயாளிகள் மட்டுமல்ல, பிரசவத்துக்கு வந்தவர்களும் டயாலிசிஸுக்கு வந்தவர்களும் பாதிக்கப்படுவார்கள். நர்ஸுக்குப் போடும் ஊசி பல பேரின் உயிரைத் தாங்குகிறது. கூடவே, நோயாளியின் படுக்கையிலிருந்து அடுத்த நோயாளியின் படுக்கைக்குத் தொற்றை எடுத்துச்செல்லக்கூடிய ஆளும் அவர்தான். ஊசி போடும் கையும் அவருடையதுதான், அந்தக் கை படுத்துவிட்டால் மற்றவர்களுக்குப் போட ஆளில்லை.

நடைமுறையில் இன்னொரு வசதியும் உண்டு. இந்தக் குழு சிறியது, பெயர்ப் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது, ஓர் இடத்தில் இருப்பார்கள், ஒவ்வாமை வந்தால் பார்க்க மருத்துவர் பக்கத்திலேயே இருப்பார். புதிய ஊசியை, புதிய கோவின் செயலியை ஓட்டிப் பார்க்க இதைவிட ஏற்ற கூட்டம் கிடையாது. முதல் நாட்களில் கோவின் திணறியதை நாம் எல்லாரும் பார்த்தோம். அந்தத் திணறல் எழுபது வயதுக்காரர்கள் வெயிலில் நிற்கும்போது வராமல், மருத்துவமனை ஊழியர்களோடு போனது நல்லதாயிற்று.

ஆனால் 'மருத்துவப் பணியாளர்' என்று யாரைச் சேர்ப்பது என்பதில்தான் சறுக்கல் வரும். சம்பளப் பட்டியலை எடுத்தால் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருப்பவரும் வருவார், ஒப்பந்தத்தில் வார்டு கூட்டுபவர் விட்டுப்போவார். இந்தியாவில் முதல் ஊசி டெல்லி எய்ம்ஸின் தூய்மைப் பணியாளர் ஒருவருக்குப் போடப்பட்டது. அது வெறும் அடையாளம் இல்லை, கொரோனா வார்டின் அழுக்குத் துணியையும் குப்பையையும் கையால் தொடுபவர் அவர்தான்.

இதற்கு நேரெதிராக நடந்தது அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு மருத்துவமனையில். 2020 டிசம்பரில் முதல் 5,000 டோஸை யாருக்குத் தருவது என்று ஒரு கணக்கு முறை வைத்தார்கள். வயதுக்கு ஒரு மதிப்பெண், வேலை செய்யும் பிரிவுக்கு ஒரு மதிப்பெண். பயிற்சி மருத்துவர்கள் வயதில் சிறியவர்கள், பிரிவு பிரிவாகச் சுற்றுபவர்கள் என்பதால் நிலையான பிரிவும் பதிவில் இல்லை. இரண்டிலும் மதிப்பெண் குறைந்தது. கொரோனா வார்டில் நின்ற ஏறத்தாழ 1,300 பயிற்சி மருத்துவர்களில் 7 பேர்தான் பட்டியலில் வந்தார்கள். போராட்டம் வெடித்த பிறகு திருத்தினார்கள். இப்படி நடந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பட்டியலை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போங்கள். அந்த ஷிப்டில் நோயாளியின் ஒரு கை தூரத்துக்குள் யார் யார் வந்து போகிறார்கள் என்று எழுதுங்கள். அந்தப் பெயர்கள் பட்டியலில் இல்லையென்றால் பட்டியல் தவறு.

எனக்கு 38 வயசு, எட்டு வருஷமா சர்க்கரை. ஒண்ணுமே இல்லாத 50 வயசுக்காரர் எனக்கு முன்னாடி போறது நியாயமா?

வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் கணக்கு அவர் பக்கம்தான் நிற்கிறது. இங்கிலாந்தில் கோடிக்கணக்கான மருத்துவப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வில், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை கொரோனா சாவின் ஆபத்தைச் சுமார் இரண்டு மடங்காக்கியது, கட்டுப்பாட்டில் இருந்தால் ஒன்றே கால் மடங்குக்குச் சற்று மேல். ஆறு வயது கூடினால் இரண்டு மடங்கு என்று முன்பு பார்த்தோம் அல்லவா? அப்படியானால் கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை உங்கள் வயதில் ஆறைக் கூட்டுகிறது. 38 என்பது 44 ஆகிறது. 50க்கு இன்னும் தூரம்.

எல்லா நோயும் இப்படி இல்லை. உறுப்பு மாற்று செய்துகொண்டவருக்கு அதே ஆய்வில் மூன்றரை மடங்கு, அதாவது பத்து வயதுக்கு மேல் கூட்ட வேண்டும். ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள் எல்லாம் இப்படித்தான். பிரிட்டன் இவர்களைத் தனியாகப் பிரித்து 70 வயதுக்காரர்களோடு நிறுத்தியது. சாதாரண இணை நோய் உள்ளவர்களை 65 வயதுக்காரர்களுக்கு அடுத்து வைத்தது. நோயை 'இருக்கிறதா, இல்லையா' என்று பார்க்காமல் எவ்வளவு வயதுக்குச் சமம் என்று பார்த்ததால் இப்படிப் பிரிக்க முடிந்தது.

இந்தியா 2021 மார்ச் 1 முதல் 60 வயதைத் தாண்டியவர்களுக்கும், 45 முதல் 59 வரை 20 குறிப்பிட்ட நோய்களில் ஒன்று உள்ளவர்களுக்கும் திறந்தது. நோய்க்கு மருத்துவரிடம் சான்று வாங்கி வர வேண்டும். காகிதத்தில் நல்ல ஏற்பாடு. நடப்பில், வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் உள்ள நகரத்துக்காரருக்குச் சான்று அன்று மாலையே கிடைத்தது. ரத்தக் கொதிப்பு இருப்பதே தெரியாமல் வயலுக்குப் போய்க்கொண்டிருப்பவருக்கு எந்தச் சான்றும் கிடையாது. நோய் கண்டுபிடிக்கப்படாதவர்தான் கூடுதல் ஆபத்தில் இருப்பவர், அவரைத்தான் இந்த விதி வெளியே நிறுத்தியது. ஒரே மாதத்தில், ஏப்ரல் 1 அன்று, சான்று தேவையில்லை, 45 தாண்டிய எல்லாரும் வரலாம் என்று மாற்றினார்கள். என் பார்வையில் அந்த மாற்றம் மார்ச் 1லேயே வந்திருக்கலாம். பிறந்த வருஷத்தை நிரூபிக்க ஆதார் போதும். நோயை நிரூபிக்க ஒரு மருத்துவ அமைப்பே வேண்டியிருக்கிறது.

போலீஸ், ஆசிரியர், பஸ் டிரைவர் இவங்களுக்கு?

இந்தியா காவல்துறை, துப்புரவு, வருவாய்த் துறை, ஆயுதப்படை என்று சுமார் 2 கோடி முன்களப் பணியாளர்களை இரண்டாவதாக வைத்தது, 2021 பிப்ரவரி 2 முதல் அவர்களுக்குப் போட ஆரம்பித்தது. பிரிட்டனில் ஆசிரியர்களும் போலீஸும் கேட்டும், 50 வயதுக்குக் கீழே போகும்போதுகூட வயது வாரியாகத்தான் போவோம் என்று 2021 பிப்ரவரியில் குழு சொல்லிவிட்டது. காரணம், வேலையை வைத்துப் பிரித்தால் யார் யார் என்று சரிபார்க்கவே வாரங்கள் போகும், அந்த வேகக் குறைவில் அதே ஆசிரியர்களில் வயதானவர்களே நஷ்டப்படுவார்கள்.

நான் இதில் நடுவில் நிற்கிறேன். ஊரடங்கு நேரத்தில் சாலையில் நின்ற போலீஸ்காரர் விருப்பப்பட்டு வெளியே வரவில்லை, அரசுதான் நிறுத்தியது. அவருக்கு ஒரு கடன் இருக்கிறது. ஆனால் அந்தக் கடனை அடைக்கும்போதுகூட 50 வயது ஏட்டும் 24 வயது காவலரும் ஒரே நாளில் வரவேண்டியதில்லை. தொழில் குழுவுக்குள்ளும் வயதில் மூத்தவர்களை முதலில் கூப்பிட்டால் இரண்டு நியாயமும் காப்பாற்றப்படும்.

முதியோர் இல்லத்தில் இருக்கிறவங்க எங்கே வருவாங்க?

எல்லாருக்கும் மேலே. வயது, நோய், ஒரே கூரையின் கீழ் நெருக்கம் மூன்றும் அங்கே சேர்ந்திருக்கின்றன. பிரிட்டன் அவர்களையும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களையும் முதல் குழுவாக வைத்தது. ஆனால் 2020 டிசம்பர் 8 அன்று ஊசி தொடங்கியபோது முதல் நாட்களில் அவர்களிடம் போய்ச் சேர முடியவில்லை. ஃபைசர் ஊசி மைனஸ் 70 டிகிரியில், 975 டோஸ் கொண்ட பெட்டியாக வந்தது. நாற்பது பேர் இருக்கும் இல்லத்துக்கு அதைப் பிரித்து அனுப்பும் முறைக்கு முதலில் அனுமதி இல்லை. அதனால் மருத்துவமனைக்கு வரக்கூடிய 80 வயதுக்காரர்களிடமிருந்து தொடங்கினார்கள். வரிசையை எழுதும்போதே ஊசியின் பெட்டி அளவையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இலங்கையில் என்ன ஆச்சு? அங்கே வரிசை மாறிப்போச்சுன்னு சொல்றாங்களே?

இலங்கை 2021 ஜனவரி 29 அன்று, இந்தியா கொடுத்த 5 லட்சம் அஸ்ட்ராஜெனெகா டோஸோடு தொடங்கியது. முதலில் சுகாதாரப் பணியாளர்கள், அதில் குழப்பமில்லை. பிப்ரவரி நடுவில் பொதுமக்களுக்கு வந்தபோது, தொற்று அதிகமாக இருந்த மேல் மாகாணத்தில் 30 முதல் 60 வயது வரை உள்ளவர்களிலிருந்து தொடங்கினார்கள். வேலைக்குப் போய் வருபவர்கள்தான் பரப்புகிறார்கள், அவர்களுக்குப் போட்டால் பரவல் நிற்கும் என்பது வாதம். மருத்துவ வட்டாரத்தில் எதிர்ப்பு வந்தது, இறப்பவர்களோ பெரும்பாலும் 60 தாண்டியவர்கள்.

அடுத்த அடி வெளியிலிருந்து வந்தது. இந்தியாவில் இரண்டாம் அலை ஏறியதும் ஏற்றுமதி நின்றது. முதல் டோஸ் போட்டுக்கொண்டவர்களில் ஏறத்தாழ 6 லட்சம் பேருக்கு இரண்டாவது டோஸ் கையில் இல்லை. ஜப்பானிலிருந்து ஜூலைக் கடைசியில் வரத் தொடங்கும் வரை அவர்கள் காத்திருந்தார்கள். அந்த நடுத்தர வயதுக்காரர்களுக்குப் போன டோஸ் பரவலையும் நிறுத்தவில்லை, ஏனென்றால் அந்த அளவு சரக்கு ஒரு மாகாணத்துக்கே போதாது. ஆகஸ்டில் டெல்டா அலை உச்சத்துக்குப் போனபோது நாளுக்கு 200 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பகுதி முதியவர்கள். பின்னர் சினோஃபார்ம் நிறைய வந்து நாடு முழுக்க வேகமாகப் போட்டார்கள், அதில் இலங்கை நன்றாகவே செய்தது. தவறு தொடக்கத்தில், சரக்கு மிகக் குறைவாக இருந்த அந்தச் சில வாரங்களில் நடந்தது.

ஒரு குழு முழுசா முடிஞ்ச பிறகுதான் அடுத்த குழுவா?

இல்லை. எந்தக் குழுவிலும் நூறு சதவீதம் வராது. கடைசிப் பத்துப் பேருக்காக மற்றவர்களை நிறுத்தி வைத்தால் ஊசி குளிர்பெட்டியில் தூங்கும். பார்க்க வேண்டியது வரவு. வாரத்துக்கு 1,000 டோஸ் வருகிறது, தற்போதைய குழுவிலிருந்து 600 பேர்தான் வருகிறார்கள் என்றால் அடுத்ததைத் திறக்கலாம். ஆனால் திறக்கும் முன் ஒரு கேள்வி: மீதிப் பேர் வேண்டாம் என்கிறார்களா, வர முடியவில்லையா? படுத்த படுக்கையாக இருப்பவரும், முகாமுக்கு 12 கிலோமீட்டர் நடக்க வேண்டியவரும் 'தயக்கம்' கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறார்கள். கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் பெயர் வாரியாகப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

சரக்கே இல்லாமல் திறப்பது எதிர்த்தவறு. இந்தியாவில் 2021 மே 1 அன்று, இரண்டாம் அலையின் நடுவில், 18 முதல் 44 வயது வரை எல்லாருக்கும் திறந்தார்கள். தகுதி பெற்றவர்கள் பல கோடிப் பேர் கூடினார்கள், ஊசி கூடவில்லை. கோவினில் சில விநாடிகளில் இடம் தீர்ந்தது. வேகமான இணையமும் ஆங்கிலமும் தெரிந்த இளைஞர்கள் பக்கத்துக் கிராமத்து மையத்தில் பதிவு செய்து காரில் போய்ப் போட்டுக்கொண்டார்கள். அந்தக் கிராமத்து இளைஞர்களுக்கு இடமில்லை. 45 தாண்டியவர்களின் டோஸ் தனிக் கணக்கு என்று சொல்லப்பட்டாலும், போடும் செவிலியரும் முகாமும் ஒன்றுதானே? பெயரளவில் வரிசை இருந்தது, உண்மையில் யார் கை வேகமோ அவருக்கு என்றாகிவிட்டது.

சாயங்காலம் குப்பியில் மிச்சம் இருக்கு, முன்னுரிமை ஆள் யாரும் இல்லை. வேற யாருக்காவது போடலாமா?

போடலாம், போட வேண்டும். கோவிஷீல்டு ஒரு குப்பியில் 10 டோஸ். திறந்தால் 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், அதனால் திறந்த நேரத்தைக் குப்பியின் மேலேயே எழுதிவைப்பார்கள். கோவேக்சின் ஆரம்பத்தில் 20 டோஸ் குப்பியாக வந்தது, அது இன்னும் கஷ்டம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மதியம் இரண்டரை மணி, வெளியே நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். திறந்தால் ஆறு டோஸ் வீணாகலாம். திறக்காவிட்டால் நான்கு பேரைத் திருப்பி அனுப்ப வேண்டும், அதில் ஒரு பாட்டி ஆட்டோவுக்குக் காசு கொடுத்து வந்திருப்பார், நாளைக்கு வரமாட்டார்.

திறக்க வேண்டும் என்பதுதான் சரி. ஆனால் காலையிலேயே ஒரு காத்திருப்புப் பட்டியல் தயாராக இருக்க வேண்டும்: பக்கத்துத் தெருக்களில், அரை மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய, அடுத்த குழுவைச் சேர்ந்த பத்துப் பேரின் பெயரும் போன் எண்ணும், வயது வரிசையில். அந்தப் பட்டியல் இல்லாத இடத்தில் மிச்ச டோஸ் ஊழியரின் சொந்தக்காரருக்கோ ஊரில் செல்வாக்குள்ளவருக்கோ போகும். அது ஒரு தடவை ஊருக்குத் தெரிந்தால், அடுத்த வாரம் வரிசையில் நிற்பவர்களின் நம்பிக்கை போய்விடும்.

இருக்கிற ஊசியை முதல் டோஸா நிறையப் பேருக்கா, இல்லை ரெண்டு டோஸும் கொஞ்சப் பேருக்கா?

முதல் டோஸ் ஓரளவு நல்ல பாதுகாப்பு தருமானால், ஆபத்து அதிகமான குழுக்கள் இன்னும் மிச்சம் இருக்கும்வரை முதல் டோஸைப் பரப்புவதுதான் கூடுதல் உயிரைக் காக்கும். பிரிட்டன் 2020 டிசம்பர் 30 அன்று இடைவெளியை 12 வாரம் வரை நீட்டி, 2021 பிப்ரவரி நடுவுக்குள் முதல் நான்கு குழுக்களுக்கு ஒரு டோஸ் கொண்டுபோய்ச் சேர்த்தது. இந்தியா கோவிஷீல்டு இடைவெளியை மார்ச்சில் 6 முதல் 8 வாரம் என்றும், மே மாதம் 12 முதல் 16 வாரம் என்றும் மாற்றியது. ஆனால் டெல்டாவுக்கு எதிராக ஒரு டோஸ் பலவீனம் என்று தெரிந்ததும் பிரிட்டன் 50 தாண்டியவர்களுக்கு இடைவெளியைத் திரும்ப 8 வாரமாகக் குறைத்தது. கிருமி மாறினால் இந்தக் கணக்கையும் திரும்பப் போட வேண்டும்.

அடுத்த கொள்ளைநோய்க்கும் இதே வரிசையை எடுத்து வைச்சுக்கலாமா?

கூடாது. 2009 பன்றிக் காய்ச்சலில் வரிசை கிட்டத்தட்டத் தலைகீழ். அமெரிக்காவில் கர்ப்பிணிகள், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்பவர்கள், மருத்துவப் பணியாளர்கள், 24 வயது வரையிலான குழந்தைகளும் இளைஞர்களும், நோயுள்ள நடுத்தர வயதுக்காரர்கள் முதலில் வந்தார்கள். ஆரோக்கியமான 65 வயதுக்காரர்கள் பின்னால் போனார்கள், ஏனென்றால் பழைய ஃப்ளூ வகைகளைச் சந்தித்ததால் அவர்களில் பலருக்கு ஏற்கெனவே ஓரளவு எதிர்ப்பு இருந்தது. பெரியம்மையில் வயதே முக்கியமில்லை, நோயாளியைச் சுற்றி இருப்பவர்களைத் தேடித் தேடிப் போட்டுத்தான் ஒழித்தார்கள்.

எடுத்து வைத்துக்கொள்ளக்கூடியவை வேறு. ஒவ்வொரு வட்டாரத்திலும் வயது வாரியாகப் பெயரும் வீடும் தெரிந்த பட்டியல். ஒப்பந்த ஊழியர்களையும் சேர்த்த மருத்துவப் பணியாளர் பதிவேடு. டயாலிசிஸ், உறுப்பு மாற்று நோயாளிகளின் பட்டியல், அது மருத்துவமனைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. முதல் சில நூறு சாவுகள் நடந்ததும், யார் இறக்கிறார்கள் என்று வயதும் நோயும் பார்த்துப் பிரித்து உடனே வெளியிடும் ஏற்பாடு. அந்த முதல் சில நூறு பேரின் விவரம் கைக்கு வந்த வாரத்திலேயே புதிய வரிசையை எழுத ஆரம்பித்துவிடலாம்.